ஓரங்கட்டிய 15 கணினிகளும் ஒரு சர்வரும்

ஒரு கிராமத்து அரசு மேல்நிலைப் பள்ளியை மனதில் வைத்துக்கொள்வோம். கணினி அறையில் 15 மேசைக் கணினிகள். எல்லாம் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தையவை, ஒவ்வொன்றிலும் 1 ஜிபி நினைவகம்தான். பட்டனை அழுத்தினால் திரை தெளிவதற்குள் பாதிப் பாடவேளை ஓடிவிடும். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தானும் மைஎஸ்க்யூஎல்லும் செய்முறையில் இருக்கின்றன. நான்கு கணினி மட்டும் ஓரளவு ஓடுகிறது என்பதால், ஒரு கணினிக்கு ஆறேழு பிள்ளைகள் கூடி நிற்கிறார்கள்.

இந்தக் கணினிகளைக் 'கண்டம்' என்று எழுதித் தள்ளுவதற்கு முன்பு, அவற்றில் உண்மையில் எது கெட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் தேய்ந்துபோவது ஹார்டு டிஸ்க். போதாமல் போவது நினைவகம். திரை, விசைப்பலகை, மவுஸ், நெட்வொர்க் கேபிள் செருகும் துளை எல்லாம் நன்றாகவே இருக்கும். கணக்குப் போடும் வேலையை வேறோர் இடத்துக்கு மாற்றிவிட்டால், மிச்சமுள்ள இந்த உறுப்புகளே மாணவருக்குப் போதும். அந்த வேறு இடம்தான் சர்வர். அதற்குள் 15 மெய்நிகர் கணினிகள் ஓடும். மேசையில் இருப்பது அவற்றைக் காட்டும் திரையாகவும், மாணவர் தட்டுவதைக் கொண்டுசேர்க்கும் கையாகவும் இருக்கும்.

பள்ளிகளுக்கு இது புதிய யோசனை இல்லை. சர்வரிலிருந்தே கணினிகளை எழுப்பும் எல்டிஎஸ்பி என்ற இலவச மென்பொருளை ஜிம் மெக்குவிலன் 1999இல் தொடங்கினார். கிரேக்கப் பள்ளிகளுக்காக உழைத்த அல்கிஸ் கியோர்கோபுலோஸ் 2019இல் அதை அடியோடு மாற்றி எழுதினார்.

முதல் வேலை, ஒவ்வொரு கணினியிலும் ஹார்டு டிஸ்கின் இணைப்பைக் கழற்றிவிடுவது. அடுத்து பயாஸ் அமைப்புக்குள் போய், 'முதலில் நெட்வொர்க்கிலிருந்து எழு' என்று வரிசையை மாற்ற வேண்டும். பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். இன்று மாற்றி வைத்தது நாளைக் காலையில் பழையபடி திரும்பியிருக்கும், தேதியும் பல வருடம் பின்னால் போயிருக்கும். காரணம், தாய்ப்பலகையில் நாணயம்போல உட்கார்ந்திருக்கும் CR2032 பேட்டரி. மின்சாரம் இல்லாதபோதும் அந்த அமைப்பைக் காத்துவைப்பது அதுதான், இத்தனை வருடத்தில் அது தீர்ந்திருக்கும். கடிகாரக் கடையில் கிடைக்கிற, சில பத்து ரூபாய்ப் பொருள். 15 கணினிக்கும் மொத்தமாக வாங்கிப் போட்டுவிட்டால் அந்தத் தொல்லை ஒழிந்தது. திறந்த கையோடு, தாய்ப்பலகையில் உருளை வடிவக் கெபாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். உப்பியிருந்தால் அந்தக் கணினி நீண்ட நாள் தாங்காது. அதன் நினைவகச் சில்லை எடுத்துப் பக்கத்துக் கணினியில் போடுவதே நல்லது.

இனி பட்டனை அழுத்தினால், அந்தக் கணினி கேபிள் வழியாக, 'எனக்கு ஒரு முகவரி கொடுங்கள், எந்தக் கோப்பிலிருந்து எழ வேண்டும் என்றும் சொல்லுங்கள்' என்று கேட்கும். சர்வர் பதில் சொல்லி, ஒரு சின்ன லினக்ஸை அனுப்பும். அது எழுந்ததும் தனக்கென ஒதுக்கிய மெய்நிகர் கணினியின் திரையைத் திறக்கும். இதில் கோளாறு வந்தால் திரையே சொல்லிவிடும். `PXE-E61` என்றால் பெரும்பாலும் கேபிளையோ ஸ்விட்ச்சையோ பார்க்க வேண்டும். `PXE-E51` என்றால் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. குழப்புவது `PXE-E53`. பள்ளியில் இணையத்துக்கு வைத்த ரவுட்டர் முகவரியை மட்டும் கொடுத்துவிட்டது, கோப்பின் பெயரைச் சொல்ல யாரும் இல்லை என்று அதற்குப் பொருள். ரவுட்டரைக் கழற்ற வேண்டியதில்லை. முகவரி கொடுப்பதை அதனிடமே விட்டு, கோப்பின் பெயரை மட்டும் சர்வர் சொல்லும்படி செய்யலாம். ரவுட்டரின் வலைப்பின்னல் 192.168.1 என்று தொடங்குவதானால், சர்வரில் ஓடும் dnsmasq நிரலின் அமைப்பில் இந்த வரி அந்த ஏற்பாட்டைச் செய்யும்:

```
dhcp-range=192.168.1.0,proxy
```

சர்வர் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? ஒரு மெய்நிகர் கணினிக்கு 2 ஜிபி என்றால் 15க்கு 30 ஜிபி. சர்வரின் சொந்தத் தேவையைச் சேர்த்து 48 ஜிபி நினைவகம் போதுமானது. பிள்ளைகள் பெரும்பாலான நேரம் யோசித்துக்கொண்டோ தட்டிக்கொண்டோ இருப்பார்கள் என்பதால், எட்டுக் கோர் உள்ள செயலி தாங்கும். கஞ்சத்தனம் கூடாத இடம் சேமிப்பு. மணி அடித்ததும் 15 கணினிகளும் ஒரே நேரத்தில் எழும்; சாதாரண ஹார்டு டிஸ்க் அங்கேயே திணறிவிடும். எஸ்எஸ்டி கட்டாயம். ஆசிரியர் மெய்நிகர் கணினிகளைக் கால் மணி நேரம் முன்பே ஓடவிட்டால் இன்னும் நல்லது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். 15 கணினிக்கும் தனித்தனியாக லினக்ஸ் நிறுவத் தேவையில்லை. ஒரே ஒரு மூல நகலில் பைத்தான், மைஎஸ்க்யூஎல், லிப்ரே ஆபிஸ், தமிழ்99 தட்டச்சு எல்லாவற்றையும் போட்டு முடித்துவிட்டு, அதன்மேல் மெல்லிய நகல்களை உருவாக்கலாம்:

```
chmod 444 base.qcow2
qemu-img create -f qcow2 -b base.qcow2 -F qcow2 lab01.qcow2
```

இப்படி உருவாகும் `lab01` முதலில் வட்டில் இடமே எடுக்காது என்று சொல்லலாம். மாணவர் எதை மாற்றினாலும் அந்த மாற்றம் மட்டும் அதில் பதியும். யாராவது எதையாவது அழித்துவிட்டால், கணினியை நிறுத்தி, அந்தக் கோப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று உருவாக்கினால் சில நொடியில் காலைப் புதுசாக நிற்கும். முதல் வரி மூல நகலைப் பூட்டுகிறது. நகல்கள் உருவான பிறகு மூலத்தில் எதையாவது மாற்றினால், அதை நம்பியிருக்கும் 15ம் குலைந்துபோகும். எல்லாக் கணினியும் ஒன்றாகக் கோப்புப் பிழை காட்டினால் முதல் சந்தேகம் இதன்மேல் விழ வேண்டும். புதிய மென்பொருள் வேண்டுமென்றால் மூலத்தைப் பிரதியெடுத்து, பிரதியில் நிறுவி, நகல்களை மறுபடி உருவாக்குவதே வழி.

இதற்கு ஒரு விலை உண்டு. "சார், நேத்து செஞ்ச புரோகிராம் காணோம்!" என்று ஒரு பிள்ளை எழுந்து நிற்கும். நகலைப் புதுப்பித்தபோது அதுவும் போயிருக்கும். அதனால் மாணவர்களின் கோப்புறைகளைத் தனி வட்டில் வைத்து, உள்நுழையும்போது இணையும்படி அமைக்க வேண்டும். அப்படிச் செய்தால் யார் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் அவரவர் வேலை அவரவருக்குக் கிடைக்கும்.

செய்ய முடியாததையும் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 1366×768 திரையில் நொடிக்கு 25 படம் ஓடும் வீடியோவைச் சுருக்காமல் அனுப்பினால், நொடிக்கு ஏறக்குறைய 105 மெகாபைட் ஆகும். பழைய கணினியின் 100 மெகாபிட் நெட்வொர்க் கார்டால் தாங்க முடிவது 12 மெகாபைட்தான். மென்பொருள் சுருக்கித்தான் அனுப்புகிறது. ஆனால் 15 பேருக்கும் ஒரே நேரத்தில் சுருக்குவதற்கே சர்வரின் சக்தி போய்விடும். வீடியோ பாடத்துக்குப் புரொஜெக்டரே சரி. மிகப் பழைய 32 பிட் கணினிகளுக்கு நாளும் குறைந்துவருகிறது: டெபியன் 13 அவற்றுக்கான நிறுவியைக் கைவிட்டுவிட்டது, 12ஆம் பதிப்பில்தான் ஓட்ட வேண்டும்.

மின்சாரமும் மிச்சமாகாது. பழைய பெட்டிகள் இழுக்கும் மின்சாரத்தோடு சர்வரின் பங்கும் சேரும். சர்வர் நின்றால் 15 திரையும் ஒன்றாக உறைந்துவிடும். ஆகவே யூபிஎஸ் வாங்கக் கொஞ்சம் பணம்தான் இருக்கிறதென்றால், அதைச் சர்வருக்கும் ஸ்விட்ச்சுக்கும் மாட்டிவிடலாம். மின்சாரம் போனால் மேசைக் கணினிகள் அணையும், உள்ளே மெய்நிகர் கணினிகள் ஓடிக்கொண்டே இருக்கும். மின்சாரம் திரும்பியதும் பிள்ளைகள் விட்ட வரியிலிருந்தே தட்டலாம்.