ஆர்.ஏ. வேலைக்கு எழுதும் கட்டுரை

அமெரிக்கப் பல்கலைக்கழக விடுதிகளில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு மூத்த மாணவர் பொறுப்பாக இருப்பார். ரெசிடென்ட் அசிஸ்டென்ட் என்பது பதவியின் பெயர், மாணவர்கள் ஆர்.ஏ. என்றே சொல்வார்கள். அவர் அதே தளத்தில் குடியிருப்பார். முறைவைத்து இரவு டியூட்டி பார்ப்பார், மாடி மாடியாகச் சுற்றி வருவார், டியூட்டி போனை எடுப்பார். அறைத்தோழர்களுக்குள் பிணக்கு வந்தால் இருவரையும் உட்காரவைத்துப் பேசுவார். இதற்குப் பெரும்பாலும் அறை வாடகை கழிக்கப்படும். சில இடங்களில் சாப்பாடும் சேரும். எஃப்-1 விசாவில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களும் இந்த வேலையில் சேரலாம். வளாக வேலையாகக் கணக்கிடப்படுவதால், வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் என்ற வரம்பு அவர்களுக்குப் பொருந்தும்.

விண்ணப்பத்தோடு ஒரு சிறு கட்டுரையும் கேட்பார்கள். வேலையை ஏன் விரும்புகிறீர்கள், புதிதாக வருபவர்களுக்கு எப்படித் துணையாக இருப்பீர்கள் என்பதுபோல் கேள்வி இருக்கும். விடுதிக்கான முழுநேர அதிகாரியும், சில இடங்களில் இப்போதைய ஆர்.ஏ.க்களும் அதைப் படிக்கிறார்கள். அவர்கள் தேடுவது இரண்டு குணங்களை: சொன்ன நேரத்தில் சொன்ன இடத்தில் இருப்பது, புதியவர்மேல் அக்கறை கொள்வது. விண்ணப்பிப்பவர்களில் பலர் இரண்டாவதைப் பற்றி மட்டுமே பக்கத்தை நிரப்பிவிடுகிறார்கள். ஆனால் இந்த வேலையில் இரண்டும் பிரிக்க முடியாதவை. அதற்கு ஒரு துயரமான வரலாறே சான்றாக இருக்கிறது.

1986 ஏப்ரலில், பென்சில்வேனியாவிலுள்ள லீஹை பல்கலைக்கழக விடுதியில் ஜீன் கிளெரி என்ற முதலாண்டு மாணவி தன் அறையிலேயே கொல்லப்பட்டார். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவுகளை யாரோ சாத்தவிடாமல் முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள்; கொலையாளி அந்த வழியாகத்தான் உள்ளே வந்தான். பெற்றோரின் விடாத போராட்டத்தால் 1990-இல் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று பிறந்தது. வளாகக் குற்றங்களைப் பல்கலைக்கழகங்கள் பதிவுசெய்து வெளியிட வேண்டும் என்கிற அந்தச் சட்டத்தை இன்று கிளெரி சட்டம் என்கிறார்கள். இரவுச் சுற்றில் ஒவ்வொரு வெளிக்கதவையும் தள்ளிப் பார்த்து, முட்டுக்கொடுத்த கல்லை எடுத்துப் போடுவது யாருக்கும் தெரியாமல் நடக்கும் சலிப்பான வேலை. அந்தத் தளத்தில் உறங்கும் புதியவர்களுக்கு ஓர் ஆர்.ஏ. காட்டக்கூடிய அக்கறையில் அதைவிடப் பெரியது அதிகம் இல்லை.

அதே சட்டத்தின்படி பல வளாகங்களில் ஆர்.ஏ.வும் குற்றத் தகவலை மேலே தெரிவிக்க வேண்டியவர். பாலியல் துன்புறுத்தல் குறித்தும் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அவருக்கு இதே கடமையை வைத்திருக்கின்றன. ஆகவே, ‘என்னிடம் சொன்னது என்னோடு இருக்கும்’ என்று அவர் யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் அந்த இரவே டியூட்டியிலிருக்கும் அதிகாரியை அழைத்தாக வேண்டும். நல்ல மனத்தோடு எழுதப்படும் பல கட்டுரைகள் தடுமாறும் இடம் இதுதான்.

கற்பனையாக ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் ஆண்டு படிக்கிறார்; விடுதியில் ஆர்.ஏ.வாக விண்ணப்பிக்கிறார். முதல் வரைவில் இப்படி எழுதுகிறார்: “மற்றவர்களுக்கு உதவுவது என் இயல்பு. பக்கத்து அறையில் இருந்த முதலாண்டு மாணவி தூங்காமலும் வகுப்புக்குப் போகாமலும் இருந்தாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள். நான் சொல்லவில்லை. இரவெல்லாம் அவளோடு உட்கார்ந்திருந்தேன்.”

அக்கறை உண்மையானதுதான். ஆனால் படிக்கும் அதிகாரிக்குக் கவலை வந்துவிடும். தளத்தில் முப்பது, நாற்பது பேர் இருக்கும்போது ஒருத்திக்காக இரவெல்லாம் விழிப்பவர் மற்றவர்களை எப்படிப் பார்த்துக்கொள்வார்? இவரே துவண்டுபோனால் என்ன ஆகும்? எல்லாவற்றுக்கும் மேலாக, நிலைமை முற்றும்வரை எவருக்கும் சொல்லாமலே இருந்துவிடுவாரோ என்ற கேள்வி எழும்.

உண்மையில் நடந்தது அந்த வரைவோடு முடியவில்லை. மூன்றாம் நாள் அவர் அந்தத் தளத்து ஆர்.ஏ.விடம் விஷயத்தைச் சொன்னார். அந்த மாணவியிடமும் அதை மறைக்கவில்லை. மறுநாள் மனநல ஆலோசனை மையத்துக்குக் கூடவே நடந்துபோய், அவள் உள்ளே போகும்வரை வரவேற்பறையில் இருந்தார். காட்டிக்கொடுத்ததுபோல் தெரியுமே என்று நினைத்துத்தான் இந்தப் பகுதியை எழுதாமல் விட்டிருந்தார். அதிகாரி தேடுவதோ அந்தப் பகுதியைத்தான்.

இரண்டாம் வரைவு இப்படி அமைகிறது: “இது என் கைக்கு மீறியது என்று மூன்றாம் நாள் புரிந்தது. ஆர்.ஏ.விடம் சொல்லப்போகிறேன் என்று முதலில் அவளிடமே சொன்னேன். கோபப்பட்டாள். மறுநாள் ஆலோசனை மையத்துக்கு இருவரும் நடந்தே போனோம். அதற்குப் பிறகு அந்தப் பருவம் முடியும்வரை வியாழக்கிழமை இரவு உணவுக்கு அவளைக் கூப்பிடுவது என் வழக்கமானது.” ‘உதவுவது என் இயல்பு’ என்ற வரி போய்விட்டது. அதன் வேலையை இப்போது வியாழக்கிழமை செய்கிறது.

நம்பகத்தன்மைக்கு அவர் வேறொரு பத்தி ஒதுக்குகிறார். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆய்வுக்கூடத்தைத் திறப்பது ஓராண்டாக அவர் பொறுப்பு. ஒருமுறை தேர்வு குறுக்கிட்டது. இரண்டு நாள் முன்பே இன்னொருவரோடு முறையை மாற்றிக்கொண்டு, சாவி யாரிடம் இருக்கிறது என்பதை மேற்பார்வையாளருக்கு எழுதித் தெரிவித்தார். வர முடியாத நாளை ஒருவர் எப்படிக் கையாண்டார் என்பது, தவறாமல் வந்தேன் என்று சொல்வதைவிடத் தெளிவாக அவரை அறிமுகப்படுத்துகிறது. மேற்பார்வையாளரையே பரிந்துரைப்பவராகக் குறிப்பிட்டால், கட்டுரையில் உள்ளதைச் சரிபார்க்கவும் வழி கிடைக்கிறது.

அடையாளம் பற்றியும் கவனம் வேண்டும். உதவி பெற்றவரின் பெயர், ஊர், பாடம், நோயின் பெயர் எதுவும் கட்டுரைக்குத் தேவையில்லை. படிப்பவர்களில் அதே விடுதி மாணவர்களும் இருக்கலாம். இரண்டு குறிப்புகள் போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும். பிறர் துயரத்தை விவரமாக எழுதும் விண்ணப்பதாரர் நாளை தளத்துச் செய்திகளையும் அப்படியே பேசுவார் என்ற ஐயம் எழுந்தால், அது நியாயமான ஐயமே.

வளாகத் தூதர் பணிக்கான கட்டுரையில் எடை கொஞ்சம் மாறும். அவர் வருங்கால மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் வளாகத்தைச் சுற்றிக் காட்டுபவர். நெருக்கடிகள் அவரிடம் அதிகம் வருவதில்லை. அங்கே அக்கறை என்பது பெரும்பாலும் நேர்மைதான். செலவையும் குளிரையும் தனிமையையும் பற்றிக் கேட்பவருக்கு உள்ளதைச் சொன்ன ஓர் அனுபவம், பல்கலைக்கழகத்தைப் புகழும் பத்தியைவிட நன்றாக நிற்கும்.

இரு பணிகளிலும் கட்டுரைக்குப் பிறகு நேர்காணல் உண்டு. எழுதிய நிகழ்ச்சியையே எடுத்துவைத்து, அவள் கோபப்பட்டபோது என்ன சொன்னீர்கள், ஆர்.ஏ. கிடைக்காமல் போயிருந்தால் யாரை அழைத்திருப்பீர்கள் என்று துருவுவார்கள். நடந்ததை எழுதியவருக்கு அந்தக் கேள்விகளுக்கான பதில் கட்டுரையில் இடமில்லாமல் விட்ட வரிகளிலேயே இருக்கும்.