விட்ட இடம் எது?

ஒரு துணிக்கடையில் பகல் முழுக்கப் போடும் பில்கள் கடையின் டேட்டாபேஸில் சேர்கின்றன. இரவில் ஒரு நிரல் ஓடி, புதிய பில்களை மட்டும் தலைமை அலுவலக டேட்டாபேஸுக்கு நகலெடுக்கிறது. எவை புதியவை என்று அதற்கு எப்படித் தெரியும்? கடைசியாக நகலெடுத்த பில் எண்ணை அது குறித்து வைத்திருக்கிறது. கணினித் துறையில் ஹை வாட்டர் மார்க் என்கிறார்கள். இங்கே எல்லைக்குறி என்போம்.

எல்லைக்குறி 48,200 என்று வைத்துக்கொள்வோம். இன்றிரவு 48,201 முதல் 49,200 வரை ஆயிரம் பில்கள் போக வேண்டும். அறுநூறு போனதும் மின்சாரம் நின்றுவிடுகிறது.

நிரல் தொடக்கத்திலேயே குறியை 49,200 என்று மாற்றியிருந்தால் மறுநாள் 49,201இலிருந்து தொடங்கும். நடுவில் விடுபட்ட நானூறு பில்களை இனி யாரும் தேடமாட்டார்கள். பிழைச்செய்தி எதுவும் வராது. மாதக் கணக்கில் தொகை உதைக்கும்போதுதான் தெரியவரும். பில்களை எழுதிய பிறகே குறியை நகர்த்துவதாக இருந்தால், அது 48,200இலேயே நிற்கும். மறுநாள் அறுநூறு பில்கள் இரண்டாம் முறை வந்து சேரும். இதுவும் தவறுதான். ஆனால் இரட்டிப்பைத் தடுக்க வழி உண்டு, காணாமல் போனதை மீட்பது கடினம். ஆகவே தரவு முதலில், குறி பிறகு.

இதைவிட உறுதியான வழி, குறியையும் தலைமை அலுவலக டேட்டாபேஸிலேயே வைத்து, இரண்டையும் ஒரே பரிவர்த்தனைக்குள் எழுதுவது. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் இப்படி:

```sql
BEGIN;
INSERT INTO bills SELECT * FROM incoming
  ON CONFLICT (bill_no) DO NOTHING;
UPDATE sync_mark SET last_no = 49200
  WHERE job = 'bills';
COMMIT;
```

`COMMIT` முடியும் முன் எது நின்றாலும் பில்களும் ஏறாது, குறியும் நகராது. `ON CONFLICT` வரி, ஏற்கெனவே உள்ள பில் எண் மறுபடி வந்தால் அதைத் தாண்டிப் போகச் சொல்கிறது. அதற்கு `bill_no` தனித்த எண் என்று அட்டவணையில் விதித்திருக்க வேண்டும். குறியில் எழுத வேண்டியது உண்மையில் படித்த பில்களில் மிகப் பெரிய எண். நிரல் முடியும் நேரத்தில் கடையில் உள்ள கடைசி எண்ணைக் கேட்டு எழுதினால், இடையில் போட்ட பில்கள் விடுபடும்.

பலரும் குறியை ஒரு சின்னக் கோப்பில் எழுதுகிறார்கள். கோப்பை எழுதத் திறந்ததும் பழைய எண் அழிந்துவிடும். புதிய எண் வட்டில் பதியுமுன் மின்சாரம் போனால் மிஞ்சுவது வெற்றுக் கோப்பு. 2009இல் உபுண்டு 9.04இன் சோதனைப் பதிப்பைப் பயன்படுத்தியவர்கள் இதை நேரில் கண்டார்கள். கணினி முடங்கி மீண்டபோது, சற்றுமுன் எழுதிய பல கோப்புகள் அளவு பூஜ்யமாகக் கிடந்தன. புதிதாக வந்திருந்த எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, எழுதுவதை நினைவகத்தில் சற்று நேரம் தேக்கி வைத்தது காரணம். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான தியோடர் சோ, நிரல்கள் `fsync` கேட்காமல் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். லினக்ஸிலும் இந்த இழப்பைக் குறைக்கும் மாற்றங்கள் சேர்ந்தன.

சரியான முறை இது. புதிய எண்ணை அதே அடைவில் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி, `fsync` அழைத்து வட்டில் பதியவைத்து, பிறகு `rename` மூலம் பழைய பெயரைச் சூட்ட வேண்டும். அடைவுக்கும் ஒரு `fsync` கொடுத்துவிட்டால் பெயர் மாற்றமும் நிலைக்கும். திறந்து பார்ப்பவருக்குப் பழைய எண் கிடைக்கும், அல்லது புதியது, அரைகுறை கிடைக்காது. கோப்பு வெறுமையாக இருந்தால் அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளாமல் நிரல் நின்று ஆளைக் கூப்பிட வேண்டும்.

இத்தனையும் செய்தும் பில் தவறக்கூடிய ஒரு சந்து உண்டு. அதே நிரலைப் பகலிலும் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டுகிறார்கள் என்று கொள்வோம். முதல் கவுன்டருக்கு 49,350 என்ற எண் கிடைத்து, பரிவர்த்தனை இன்னும் முடியவில்லை. பக்கத்துக் கவுன்டர் 49,351ஐ முடித்துவிட்டது. அந்த நொடியில் படிக்கும் நிரலின் கண்ணுக்கு 49,350 தெரியாது. குறி 49,351க்குப் போய்விடும். எண் கிடைக்கும் வரிசையும் பதிவாகும் வரிசையும் ஒன்றல்ல என்பதுதான் சிக்கல்.

அதனால் அனுபவசாலிகள் குறியிலிருந்து ஐந்நூறு எண் பின்வாங்கியே படிக்கிறார்கள். மறுபடி வருபவற்றை `ON CONFLICT` கவனித்துக்கொள்ளும். அதற்கும் மேல் தாமதமாகும் பில் இதிலும் தப்பிவிடும். எண் வரிசையில் இடைவெளி இருப்பதை மட்டும் வைத்து அதைப் பிடிக்க முடியாது, ரத்தான பில்களும் இடைவெளி விடும். ஒவ்வொரு நாளின் பில் எண்ணிக்கையையும் மொத்தத் தொகையையும் இரு பக்கமும் எடுத்து ஒப்பிட வேண்டும். வித்தியாசம் தென்பட்டால் குறியைத் தொடாமல் அந்த ஒரு நாளை மட்டும் மீண்டும் நகலெடுத்தால் போதும்.