பத்திரத்தில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர்: பிரமாணப் பத்திரம் எழுதும் முறை

பயிர்க்கடன் கேட்டு வங்கிக்குச் செல்லும் விவசாயி பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் எடுத்துச் சென்றும் வெறுங்கையோடு திரும்புவதுண்டு. நிலப் பத்திரத்தில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை என்பதே பல நேரங்களில் காரணம். குறுகிய கால நெல் ரகங்களின் நாற்றை 18 முதல் 22 நாட்களுக்குள் பறித்து நட வேண்டும். அந்த நேரத்தில் வங்கிக்கும் வக்கீலுக்கும் இரண்டு வாரம் அலைந்தால் நாற்று முற்றிவிடும். எனவே பெயர் வேறுபாட்டை விளக்கும் பிரமாணப் பத்திரத்தை, அதாவது அபிடவிட்டை, விதைப்புக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்வது நலம்.

வேறுபாடு ஏன் வருகிறது?

பழைய கிரயப் பத்திரங்களை எழுதியவர்கள் சாதிப் பட்டத்தையும் சேர்த்தே எழுதினார்கள். தந்தை பெயரை முழுவதுமாக எழுதினார்கள். இனிஷியல் போடும் வழக்கம் குறைவு. வங்கிக் கணக்கோ ஆதார் அட்டையில் உள்ளபடி ஆங்கிலத்தில் தொடங்கப்படுகிறது. அதில் பட்டம் இராது. தந்தை பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கிவிடும்.

எடுத்துக்காட்டாக, 1986-ல் 2 ஏக்கர் நஞ்சை கிரயம் வாங்கிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். கிரயப் பத்திரத்தில் 'முத்துக் கவுண்டர் மகன் இராமசாமிக் கவுண்டர்' என்று இருக்கிறது. பட்டாவில் பெயர் 'இராமசாமி', தந்தை பெயர் 'முத்துசாமி'. வங்கிப் புத்தகத்திலும் ஆதாரிலும் 'எம். ராமசாமி'. ஊரில் எல்லோருக்கும் இவர் ஒருவர்தான் என்று தெரியும். ஆனால் வங்கி அலுவலர் பார்ப்பது காகிதத்தை. தாத்தா பெயரையே பேரனுக்கும் வைக்கும் நம் ஊர்களில், ஒரே பெயரில் பங்காளிகள் இருவர் இருப்பதும் உண்டு. ஒருவர் நிலத்தைக் காட்டி மற்றவர் கடன் வாங்கிவிடக் கூடாது என்பதே அவருடைய கவலை. பிரமாணப் பத்திரம் அந்தக் கவலையைப் போக்குவதாக அமைய வேண்டும்.

எழுதுவதற்கு முன்

கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகிய ஐந்தையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் உங்கள் பெயரும் தந்தை பெயரும் எப்படி உள்ளன என்று எழுத்துப் பிசகாமல் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பலர் இரண்டு பெயர்களை மட்டும் விளக்கிவிட்டு, பட்டாவில் மூன்றாவதாக ஒரு பெயர் இருப்பதை வங்கியில்தான் கண்டுபிடிக்கிறார்கள். பிறகு இன்னொரு பிரமாணப் பத்திரம் எழுத வேண்டியதாகிறது. நம் எடுத்துக்காட்டில் தந்தை பெயரும் இரண்டு விதமாக உள்ளதைக் கவனியுங்கள். அதையும் விளக்காவிட்டால் வேலை முடியாது.

வாசகம்

'முத்துசாமி மகன் எம். ராமசாமி, வயது 66, (கதவு எண், கிராமம், வட்டம், மாவட்டம்) என்ற முகவரியில் வசிக்கும் நான் சத்தியப் பிரமாணமாக உறுதி கூறுவதாவது:

1. (கிராமம்), சர்வே எண் ..., 0.81.0 ஹெக்டேர் நஞ்சை நிலத்தை, (ஊர்) சார்பதிவாளர் அலுவலகத்தில் 1986-ஆம் ஆண்டின் ... எண் கிரயப் பத்திரப்படி வாங்கி அனுபவித்து வருகிறேன்.

2. அப்பத்திரத்தில் என் பெயர் இராமசாமிக் கவுண்டர் என்றும், தந்தை பெயர் முத்துக் கவுண்டர் என்றும் உள்ளன. பட்டா எண் ...-ல் என் பெயர் இராமசாமி என்றும், தந்தை பெயர் முத்துசாமி என்றும் உள்ளன.

3. என் ஆதார் அட்டையிலும், (வங்கி, கிளை) சேமிப்புக் கணக்கு எண் ...-லும் என் பெயர் எம். ராமசாமி என்று உள்ளது. எம். என்பது என் தந்தை பெயரின் முதல் எழுத்து.

4. மேற்கண்ட பெயர்கள் யாவும் என் ஒருவனையே குறிக்கும். முத்துக் கவுண்டர், முத்துசாமி என்ற பெயர்கள் என் தந்தை ஒருவரையே குறிக்கும். சாதிப் பட்டம் சேர்த்தும் விட்டும் எழுதியதாலும், தந்தை பெயரைச் சுருக்கி எழுதியதாலும் இவ்வேறுபாடு ஏற்பட்டது.

5. பயிர்க்கடன் பெறும் பொருட்டு வங்கியில் தாக்கல் செய்ய இதை எழுதிக் கொடுக்கிறேன். இதில் கண்டவை யாவும் உண்மை.'

கீழே இடம், தேதி, கையெழுத்து. ஆங்கிலத்தில் உள்ள பெயரை வங்கிப் புத்தகத்தில் உள்ள அதே எழுத்துகளில் மூன்றாம் பத்தியில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி எழுத்து 'ஐ'யா, 'ஒய்'யா என்பதுகூட மாறக் கூடாது. நான்காம் பத்திதான் இதன் உயிர். காரணம் சொல்லாமல் 'இருவரும் ஒருவரே' என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்குச் சந்தேகம் தீராது. ஆதாரின் கடைசி நான்கு எண்களை மட்டும் குறித்தால் போதும்.

கையெழுத்து

தமிழ்நாட்டில் பிரமாணப் பத்திரத்துக்கான முத்திரைக் கட்டணம் 2024-ல் 20 ரூபாயிலிருந்து 200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆகையால் வீட்டில் இருக்கும் பழைய 20 ரூபாய்த் தாளில் எழுதாதீர்கள். முத்திரைத் தாளை உங்கள் பெயரிலேயே வாங்குங்கள்.

வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு எடுத்துச் செல்லக் கூடாது. நோட்டரி வக்கீலின் முன்னிலையில்தான் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட வேண்டும். வங்கியில் போடும் அதே கையெழுத்தாக அது இருக்கட்டும். கைநாட்டு வைப்பவருக்கு வாசகத்தைப் படித்துக் காட்டி, அவர் புரிந்துகொண்டார் என்ற குறிப்பை நோட்டரி எழுத வேண்டும். நோட்டரியின் கையெழுத்து, முத்திரை, பதிவேட்டு எண், தேதி ஆகியவை இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். அடித்துத் திருத்திய இடம் இருந்தால் அங்கே நீங்களும் நோட்டரியும் சுருக்கொப்பமிட வேண்டும். மூலத்தை வங்கி வைத்துக்கொள்ளும் என்பதால் நகல் ஒன்று எடுத்து வையுங்கள்.

இதனால் ஆகாதவை

பிரமாணப் பத்திரம் வேறுபாட்டை விளக்குமே தவிர, எந்தப் பதிவேட்டையும் திருத்தாது. பட்டாவில் பெயர் தவறாக இருந்தால் அதைத் திருத்த வருவாய்த் துறைக்கு மனுச் செய்ய வேண்டும். கிரயப் பத்திரத்திலேயே தவறு இருந்தால், எழுதிக் கொடுத்தவரைக் கொண்டு பிழைதிருத்தல் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். நிலத்தை விற்கும்போது இந்தத் தவறுகள் மறுபடியும் தலைதூக்கும். ஆகவே கடன் வேலை முடிந்ததும் திருத்த வேலையைத் தொடங்குங்கள்.

பத்திரம் காலஞ்சென்ற தந்தை பெயரில் இருந்தால் அது பெயர் வேறுபாடே அல்ல. அதற்கு வாரிசுச் சான்றும் பட்டா மாறுதலும் தேவை. அந்தப் பெயரைத் தன் பெயர் என்று எழுதிப் பிரமாணம் செய்தால், பொய்ச் சத்தியம் என்ற குற்றத்துக்கு ஆளாக நேரிடும்.

இன்னொன்று, பிரமாணப் பத்திரம் நீங்களே உங்களைப் பற்றிச் சொல்வது. அதை ஏற்பது வங்கியின் முடிவு. ஊரில் அதே பெயரில் இன்னொருவர் இருந்தாலோ, இனிஷியலே மாறியிருந்தாலோ, வேறு ஆதாரமும் கேட்பார்கள். பள்ளிச் சான்று, பழைய குடும்ப அட்டை, தீர்வை ரசீது, கிராம நிர்வாக அலுவலரின் கடிதம் ஆகியவற்றில் கிடைப்பதைச் சேர்த்துக் கொடுங்கள். முத்திரைத் தாள் வாங்குவதற்கு முன்பே வாசகத்தைச் சாதாரணத் தாளில் எழுதி வங்கி மேலாளரிடம் காட்டிவிட்டால், அவர் கேட்கும் மாற்றத்தை அப்போதே செய்துகொள்ளலாம். 200 ரூபாயும் ஒரு நாள் அலைச்சலும் மிச்சம்.