நள்ளிரவைத் தாண்டும் ஷிப்ட்: எக்செல்லில் சம்பளக் கணக்கு சரிதானா?

இரவு 8 மணிக்கு வேலைக்கு வந்து காலை 8 மணிக்குச் செல்பவர் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்? 12 மணி நேரம் என்று உடனே சொல்லி விடுவோம். ஆனால் எக்செல்லில் வந்த நேரத்தை B2 செல்லிலும், சென்ற நேரத்தை C2 செல்லிலும் டைப் செய்து =C2-B2 என்று கொடுத்தால் விடைக்குப் பதில் ###### என்று வரும்.

எக்செல்லுக்கு ஒரு முழு நாள் என்பது 1. காலை 8 மணி 0.3333; இரவு 8 மணி 0.8333. கழித்தால் மைனஸ் 0.5. மைனஸ் நேரத்தை எக்செல் வழக்கமாகக் காட்டாது.

எனக்குத் தெரிந்த காவலர் ஒருவரின் வருகைப் பட்டியலில், மைனஸை நீக்க =ABS(C2-B2) என்று போட்டிருந்தார்கள். 12 மணி என்று சரியாகவே வந்தது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் மாற்று ஆள் தாமதமாக வந்ததால் அவர் காலை 9:30 வரை இருந்த நாளில் 13:30 என்று வர வேண்டிய இடத்தில் 10:30 என்று இருந்தது! காரணம், இந்த ஃபார்முலா தருவது அவர் வேலை செய்யாத நேரத்தை. ஒரு நாளில் 12 மணி வேலை என்றால் மீதியும் 12தான். அதனால்தான் தவறு மறைந்து கொண்டது. கூடுதலாக ஒன்றரை மணி நேரம் உழைத்தவருக்கு ஒன்றரை மணி நேரம் குறைந்து விட்டது.

சரியான ஃபார்முலா இதுதான்:

```
=MOD(C2-B2,1)
```

விடை மைனஸாக வந்தால் இது ஒரு நாளைக் கூட்டிக் கொள்ளும். பகல் ஷிப்டுக்கும் இதுவே போதும்.

26 இரவுகளில் 24 இரவுகள் 12 மணி, 2 இரவுகள் 13:30 என்றால் மொத்தம் 315 மணி. D28 செல்லில் =SUM(D2:D27) கொடுத்தால் 3:00 என்று மட்டும் தெரியலாம். முழு நாட்களை விட்டுவிட்டு மீதியை மட்டும் காட்டுவதே காரணம். Ctrl+1 அழுத்தி, Custom பிரிவில் [h]:mm என டைப் செய்திடுங்கள். 315:00 கிடைக்கும்.

கூடுதல் நேரம் உட்பட மணிக்கு 60 ரூபாய் என வைத்துக் கொள்வோம். =D28*60 என்றால் வெறும் 787.50 வரும், அது நாட்களைப் பெருக்கிய விடை. =D28*24*60 எனக் கொடுத்து, அந்த செல்லை Number ஆக மாற்றினால் 18,900 ரூபாய் வரும். பழைய ஃபார்முலாவில் 18,540தான். அந்தக் காவலர் போன்றவருக்கு மாதம் 360 ரூபாய் நஷ்டம்!

பட்டியலைச் சோதிக்க 12 மணி ஷிப்டைப் பயன்படுத்தாதீர்கள். 22:00, 6:00 என்று கொடுத்துப் பாருங்கள். 8:00 வந்தால் சரி. 16:00 வந்தால் தவறு. தொடர்ந்து 24 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்தவருக்கு மட்டும் MOD உதவாது. நேரத்துடன் தேதியையும் சேர்த்து டைப் செய்து நேரடியாகக் கழித்திட வேண்டும்.