முன்–பின் படங்கள்: எதையெல்லாம் மாறாமல் வைக்கணும்?

முன்–பின் படம் பொய் சொல்ல போட்டோஷாப் தேவையில்லை. 2013இல் ஆண்ட்ரூ டிக்சன் என்ற உடற்பயிற்சியாளர் இதைத் தன் உடம்பிலேயே செய்து காட்டினார். முதலில் ஒரு ‘முன்’ படம். பிறகு தலை, முகம், மார்பு எல்லாம் சவரம், கொஞ்சம் தண்டால், அறை விளக்கில் ஒரு சின்ன மாற்றம், வயிற்றை உள்ளிழுத்து நின்று ஒரு ‘பின்’ படம். இரண்டுக்கும் நடுவே சுமார் ஒரு மணி நேரம்தான். படம் இரண்டும் உண்மை, அவை சொல்லும் கதைதான் பொய்.

நம் நாட்டிலும் இது சட்டப் பிரச்சினை ஆகியிருக்கிறது. கொழுப்பை உறைய வைத்துக் குறைக்கும் ‘கூல்ஸ்கல்ப்டிங்’ கருவியை வைத்து விளம்பரம் செய்த காயா, விஎல்சிசி ஆகிய இரண்டு நிறுவனங்களுக்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலா 3 லட்ச ரூபாய் அபராதம் விதித்தது. விஎல்சிசி உத்தரவு 2025இல் வந்தது, காயா உத்தரவு அதற்கு முன். அந்தக் கருவிக்கு அமெரிக்க எஃப்டிஏ கொடுத்த அனுமதி, தொடை, வயிறு, மேற்கை மாதிரி குறிப்பிட்ட இடங்களில் தங்கும் கொழுப்புக்கு மட்டும்தான். எடைக் குறைப்புக்கு அல்ல. காயா விளம்பரத்தின் முன்–பின் படங்களோ, உடம்பு முழுக்கவே இளைத்த மாதிரி காட்டின. ஆணையம் பிடித்துக்கொண்டது இந்த இடைவெளியைத்தான்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் நண்பன். திருப்பூர் பனியன் கம்பெனியில் பல வருஷம் செக்கிங் சூப்பர்வைசராக இருந்துவிட்டு, இப்போது மடத்துக்குளத்தில் சின்னதாக ஒரு ஜிம் வைத்திருக்கிறான். பன்னிரண்டு வாரப் பயிற்சிக்கு இன்ஸ்டாகிராமில் ஸ்வைப் பண்ணிப் பார்க்கிற மாதிரி ஒரு கேரசல் வேண்டும் என்றான். “ஏமாத்துன மாதிரி இருக்கக் கூடாது மாப்ள. ஆனா ஆளும் வரணும்.” அதற்காக நான் எடுத்த குறிப்புகள்தான் கீழே.

கேமரா நகர்ந்தால் இடுப்பும் நகரும்

சாஃப்ட்வேரில் ஒரு மாற்றத்தின் விளைவைப் பார்க்க வேண்டும் என்றால் மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டு அது ஒன்றை மட்டும் மாற்றுவோம். முன்–பின் படமும் அதே கதைதான். மாற வேண்டியது உடம்பு மட்டும்.

தூரம் என்ன செய்யும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் தோளைப் பின்னால் தளர்த்தி, இடுப்பை முன்னால் தள்ளி நிற்கிறார். தோளைவிட இடுப்பு 10 செ.மீ. கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. போனை தோளிலிருந்து 1 மீட்டரில் வைத்து எடுத்தால் இடுப்பு 0.9 மீட்டரில் இருக்கும். பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும் என்பதால், தோளோடு ஒப்பிடும்போது இடுப்பு சுமார் 11 சதவீதம் அகலமாகப் பதிவாகும். அதே ஆள், அதே நிலை, போன் மட்டும் 3 மீட்டருக்குப் போனால் இந்த மிகை 3.5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். முன்பக்கமிருந்து பார்க்க 36 செ.மீ. அகலமுள்ள இடுப்பு, முதல் படத்தில் 40 செ.மீ. மாதிரியும் இரண்டாவதில் 37 செ.மீ. மாதிரியும் தெரியும். ஒரு சொட்டு வேர்வை சிந்தாமல் கிட்டத்தட்ட 3 செ.மீ. ‘குறைந்துவிட்டது’. நிமிர்ந்தும் நின்றுவிட்டால் இன்னும் குறையும்.

அதனால் ஜிம்மில் செய்த முதல் வேலை, தரையில் இரண்டு டேப் ஒட்டியது. ஒன்று ஆள் நிற்க, மற்றொன்று 3 மீட்டர் தள்ளி டிரைபாட் வைக்க. போன் தொப்புள் உயரத்தில், சாயாமல் நேராக இருக்கணும். ஜூம் 1x, அதைத் தொடக் கூடாது. 0.5x லென்ஸில் ஓரங்கள் இழுபடும். அழகூட்டும் வசதி, போர்ட்ரெய்ட் மோடு எல்லாம் ஆஃப்.

அடுத்தது வெளிச்சம். மேலிருந்தோ பக்கவாட்டிலோ விழும் வெளிச்சம் தசைக்கு நிழல் கொடுக்கும், நேராக முகத்தில் அடிக்கும் வெளிச்சம் எல்லாவற்றையும் தட்டையாக்கும். ஜன்னலை மூடி, ட்யூப்லைட்டில் மட்டும் எடுப்பது என்று முடிவு செய்தோம். உடையும் இரண்டு முறையும் ஒன்றே. பயிற்சி முடித்த கையோடு எடுத்தால் தசையில் ரத்தம் ஏறிப் பெரிதாகத் தெரியும், அதனால் படம் எப்போதும் பயிற்சிக்கு முன்னால்தான். ‘காலை வெறும் வயிற்றில்’ என்று விதி போடத்தான் நினைத்தோம். ஆனால் நைட் ஷிஃப்ட் முடித்து வரும் மில் தொழிலாளிக்குக் காலை என்பது நாளின் முடிவு. ஆகவே ‘தூங்கி எழுந்து, சாப்பிடும் முன்’ என்று எழுதி வைத்தோம்.

இதெல்லாம் சரியாக நடந்ததா என்று பின்னால் சரிபார்க்க, படக் கோப்பிலேயே விவரம் இருக்கிறது:

```
exiftool -DateTimeOriginal -FocalLengthIn35mmFormat -ExposureTime -ISO mun.jpg pin.jpg
```

இரண்டு படத்துக்கும் குவியத்தூரம் வேறு வேறாக வந்தால் லென்ஸோ ஜூமோ மாறியிருக்கிறது, அந்த ஜோடியைப் பயன்படுத்தக் கூடாது. ஷட்டர் நேரமும் ஐஎஸ்ஓவும் ரொம்ப விலகி இருந்தால் வெளிச்சம் மாறியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் இந்த விவரங்கள் அழிந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஆள் எவ்வளவு தூரத்தில் நின்றார் என்பதை மட்டும் இந்தக் கட்டளை சொல்லாது. அதற்குத் தரை டேப்தான் சாட்சி, எனவே அதுவும் படத்தில் தெரியட்டும்.

டேப்புக்கும் டாலரன்ஸ் உண்டு

படத்தை மட்டும் நம்பாமல் இடுப்புச் சுற்றளவையும் போடலாம் என்றேன். நண்பன் உடனே கேட்டான்: “டாலரன்ஸ் எவ்வளவு?” பனியன் செக்கிங்கில் இருந்தவனுக்கு அது இயல்பான கேள்வி. மெஷர்மெண்ட் சார்ட்டில் ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் கூட்டல் கழித்தல் இவ்வளவு என்று போட்டிருக்கும். அதற்குள் அடங்கும் வித்தியாசம் வித்தியாசமே அல்ல.

உடம்பு துணியைவிட மோசம், மூச்சு விடும். உலக சுகாதார நிறுவனத்தின் முறை இது: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்ற வேண்டும். தொப்புள் கணக்கில்லை. கால்களைச் சேர்த்து நின்று, சாதாரணமாக மூச்சை வெளியே விட்டு முடிக்கும்போது படிக்க வேண்டும். இரண்டு முறை அளந்து, இரண்டும் 1 செ.மீ.க்குள் இருந்தால் சராசரி எடுக்கலாம். தாண்டினால் இரண்டையும் மறுபடி எடுக்கணும். இதை வைத்து ஒரு விதி போட்டோம். 12 வாரத்தில் 1 செ.மீ. குறைந்திருந்தால் அதற்கு ‘மாற்றமில்லை’ என்றுதான் பெயர். எடைக்கும் அப்படியே. தண்ணீர், உப்பு, சாப்பாடு மட்டுமே ஒரு நாளில் ஒரு கிலோவை ஏற்றி இறக்கும். அதனால் முதல் வாரத்தின் பல நாள் சராசரியைக் கடைசி வாரச் சராசரியோடு ஒப்பிட்டால்தான் அர்த்தம்.

யாரைக் காட்டுவது?

இதுவரை சொன்னதெல்லாம் சரியாக இருந்தும் கேரசல் ஏமாற்றலாம். ஏனென்றால் பெரிய தவறு கேமராவில் நடப்பதில்லை, ஆளைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கிறது.

விளக்கத்துக்காக எண்களை இப்படி வைத்துக்கொள்வோம். 18 பேர் சேர்ந்தார்கள், 7 பேர் நடுவில் நின்றுவிட்டார்கள், 11 பேர் முடித்தார்கள். அந்த 11 பேரின் இடுப்பு குறைந்த அளவு, செ.மீ.யில்: 9, 7, 6, 5, 4, 3, 3, 2, 1, 0, கடைசி ஆளுக்கு 1 செ.மீ. கூடிவிட்டது. எல்லா ஜிம்மும் போஸ்டரில் போடுவது அந்த 9 செ.மீ. ஆளைத்தான். அது நடந்தது உண்மை. ஆனால் பார்த்துவிட்டுச் சேரப்போகும் ஆள் கேட்பது “எனக்கு என்ன நடக்கும்?” என்பதை. அதற்கு நேர்மையான பதில் வரிசையின் நடுவில், ஆறாவது ஆளிடம் இருக்கிறது: 3 செ.மீ. அதுவும் முடித்தவர்களுக்கு மட்டும். நின்றுபோன 7 பேரைச் சொல்லாமல் விட்டால் அந்த 3கூட அழகூட்டப்பட்ட எண்தான்.

இது வெறும் கொள்கைப் பேச்சு இல்லை. 9 செ.மீ. போஸ்டரைப் பார்த்துச் சேர்கிறவர், மூன்று மாதம் ஒழுங்காக வந்து, 3 செ.மீ. குறைந்து, தான் தோற்றுவிட்டதாக நினைத்து நின்றுவிடுவார். உண்மையில் அவர் சரியாக நடுவில் இருக்கிறார். போஸ்டர் பொய்யான எதிர்பார்ப்பைக் கொடுத்ததால், வேலை செய்த பயிற்சி அவருக்கு வேலை செய்யாததாகத் தெரிகிறது.

இன்னொன்றும் உண்டு. பெரும்பாலும் உடம்பு தன் உச்சத்தில் இருக்கும்போதுதான் ஜிம்முக்கு வருவோம்: தீபாவளி, பொங்கல், கல்யாண விருந்து முடிந்த கையோடு. சும்மா இருந்தாலும் கொஞ்சம் தானாகவே இறங்கும். அந்த இறக்கத்தையும் ஜிம் தன் கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது. முதல் அளவை, சேர்ந்த அன்றே எடுக்காமல் ஒரு வாரம் கழித்து எடுப்பது இதைக் கொஞ்சம் குறைக்கும்.

ஸ்லைடு வரிசை

கேரசலில் எல்லோரும் கடைசி வரை ஸ்வைப் பண்ணுவதில்லை. ஒரே ஒரு ஸ்லைடை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புவார்கள். கேப்ஷனில் முதல் வரிக்குப் பிறகு இருப்பதைப் பலர் திறப்பதே இல்லை. ஆகவே நிபந்தனையைக் கேப்ஷனிலோ ஆறாவது ஸ்லைடிலோ ஒளித்து வைத்தால் அது இல்லாததற்குச் சமம். 2022 ஜூனில் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: பொறுப்புத்துறப்பு, விளம்பரத்தின் முக்கியக் கூற்றுக்கு முரணாக இருக்கக் கூடாது, கூற்று இருக்கும் மொழியிலேயே, அதே எழுத்தளவில் இருக்க வேண்டும். தமிழில் பெரிதாக ‘3 செ.மீ. குறைந்தது’ என்று போட்டு, கீழே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் நிபந்தனை எழுத முடியாது.

நாங்கள் போட்ட வரிசை ஐந்து ஸ்லைடு. முதலாவதில் முன், பின் இரண்டும் பக்கம் பக்கமாக, ஒரே அளவில் வெட்டி, இரண்டிலும் தேதியோடு. பெரிய எழுத்தில் ‘12 வாரம், இடுப்பு 3 செ.மீ., முடித்தவர்களில் நடுவில் இருப்பவர்’. இரண்டாவதில் முடித்த அத்தனை பேரின் அளவும் புள்ளிகளாக, கூடிப்போனவர் உட்பட, நடுவில் நின்றவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணோடு. மூன்றாவதில் அவர் செய்தது என்ன: வாரத்தில் எத்தனை நாள், சாப்பாட்டில் என்ன மாற்றினார். நான்காவதில் படம் எடுத்த முறை. ஐந்தாவதில் கட்டணமும் நேரமும். படத்தில் இருப்பவரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் எதுவும் போவதில்லை, முகம் மறைக்கப்படும், கேட்டால் எடுத்துவிடுவோம். மடத்துக்குளம் மாதிரி ஊரில் முகத்தை மறைத்தாலும் நடையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். அதையும் அவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் கேரசல் சொல்லக்கூடியது ஒன்றுதான்: இந்த 12 வாரத்தில் இந்த ஆட்களுக்கு இப்படி நடந்தது. பயிற்சியால்தான் நடந்ததா, மூன்றாவது ஸ்லைடில் இருக்கும் சாப்பாட்டு மாற்றத்தாலா என்று இதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. அதைச் சொல்ல, பயிற்சி இல்லாத இன்னொரு குழுவையும் அளந்திருக்க வேண்டும். ஆகவே ‘எங்கள் பயிற்சியால்’ என்ற இரண்டு வார்த்தையை வெட்டச் சொன்னேன். நண்பனுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்துவிட்டு, “அளந்ததுக்கு மட்டும்தானே கையெழுத்துப் போட முடியும்” என்று அவனே வெட்டினான்.