நஞ்சுக்கொடி விழுந்த பிறகு

குழந்தையின் அழுகுரல் கேட்டதும் பிரசவ அறையில் எல்லோருடைய கண்ணும் அதன் பக்கம் போய்விடும். சர்க்கரை நோயுள்ள தாய்க்கோ, அதற்குச் சில நிமிடங்கள் கழித்து நஞ்சுக்கொடி விழுகிற நேரமே முக்கியமானது. அந்த நொடி வரை தேவைப்பட்ட இன்சுலின் அளவு, அதற்குப் பிறகு அவருக்கு ஆபத்தான அளவாக மாறிவிடுகிறது.

நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை. அதனால்தான் கர்ப்பத்தின் பின்பாதியில் மாதா மாதம் டோஸ் ஏறுகிறது. சிறு வயதிலிருந்தே ஊசி போட்டுவரும் டைப் 1 தாய் ஒருவரைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். கர்ப்பத்துக்கு முன் அவருக்கு ஒரு நாளைக்கு 36 யூனிட்: இரவில் நீண்ட நேரம் வேலை செய்யும் ஊசி 16, மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் சேர்த்து 20. ஒன்பதாம் மாதத்தில் அதுவே இருமடங்காகி 72 யூனிட்டில் நிற்கிறது. இரவு ஊசி மட்டும் 34.

வலி எடுத்ததும் கணக்கு மாறும். கர்ப்பப்பை சுருங்கி விரிவது கடுமையான உடலுழைப்பு. சர்க்கரை வேகமாகச் செலவாகும், சாப்பாடும் இறங்காது. அதனால் பல மருத்துவமனைகளில் ஊசியை நிறுத்திவிட்டு, 50 மில்லி சலைனில் 50 யூனிட் இன்சுலின் கலந்து பம்ப் மூலம் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். பக்கத்திலேயே குளுக்கோஸ் டிரிப்பும் ஓடும். மணிக்கு ஒருமுறை விரலில் குத்திப் பார்த்து, சர்க்கரையை ஏறக்குறைய 70-க்கும் 126-க்கும் இடையில் வைத்திருக்கப் பார்ப்பார்கள்.

இத்தனை கண்டிப்பு குழந்தைக்காக. தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும், இன்சுலின் போகாது. அதிகச் சர்க்கரை வந்தால் குழந்தையின் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரக்கும். கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுபோகும், சுரந்த இன்சுலின் மட்டும் மிஞ்சும். குழந்தைக்குச் சர்க்கரை தாழ்ந்துபோவது இப்படித்தான். பிறந்த அரை மணி நேரத்துக்குள் பால் கொடுக்கச் சொல்வதும், குழந்தையின் குதிகாலில் குத்திச் சோதிப்பதும் இதனால்தான்.

நஞ்சுக்கொடி விழுந்ததும் பம்பின் வேகத்தை உடனே பாதியாகக் குறைப்பது வழக்கம். சாப்பிட ஆரம்பித்ததும் மறுபடி ஊசிக்கு மாறும்போது, கர்ப்பத்துக்கு முன்பு போட்டதைவிடவும் கால் பங்கோ அதற்கு மேலோ குறைத்துத் தொடங்குவார்கள். நம் தாய்க்கு அது சுமார் 25 யூனிட்: இரவில் 12, சாப்பாட்டுக்கு 13.

தவறு நடப்பது இந்த இடத்தில்தான். கேஸ் ஷீட்டில் பழைய 34 அப்படியே இருக்கும். பணி மாறி வரும் செவிலியர் அதைப் பார்த்து ஊசி போட்டுவிட்டால், பாலூட்டும் நள்ளிரவில் தாயின் சர்க்கரை சரசரவென இறங்கும். எட்டாம், ஒன்பதாம் மாதத்திலேயே ‘பிரசவத்துக்குப் பின்’ என்று தலைப்பிட்டுப் புதிய அளவை மருத்துவரிடம் எழுதி வாங்கி, ஃபைலின் முதல் பக்கத்தில் வைத்துக்கொள்வதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். அதற்காக டைப் 1 தாய்க்கு இன்சுலினை முழுக்க நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் கீட்டோன் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கர்ப்பத்தில் மட்டும் சர்க்கரை வந்தவர்கள் கதை வேறு. அவர்களில் பெரும்பாலோருக்குப் பிரசவத்தோடு ஊசி நின்றுவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு பால் வேறு தன் பங்கைக் கேட்கும். பாலின் இனிப்பு தாயின் ரத்தச் சர்க்கரையிலிருந்து உண்டாவது. நாளுக்கு முக்கால் லிட்டர் சுரந்தால் அதில் சுமார் 50 கிராம் சர்க்கரை போகிறது. இதில் பத்தியம் என்று சோற்றைக் குறைத்தால், வழக்கமான ஊசியே அதிகமாகிவிடும். தட்டில் குறைகிற அளவுக்கு ஊசியிலும் குறைக்க வேண்டும். எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரவு இரண்டு மணி. பால் கொடுத்துக்கொண்டிருக்கும் மகளின் நெற்றி நனைகிறது, கை நடுங்குகிறது. “பிள்ளை பெத்த உடம்புடி, அப்படித்தான் வேர்க்கும்” என்பார் அம்மா. அசதிக்கும் தாழ்சர்க்கரைக்கும் வெளியே தெரியும் வித்தியாசம் குறைவு. குத்திப் பார்த்தால்தான் தெரியும். 70-க்குக் கீழே இருந்தால் முதலில் குழந்தையைப் பத்திரமாகக் கிடத்திவிட்டு, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. அடிக்கடி இப்படி ஆனால் இரவு ஊசியைக் குறைக்க வேண்டும். பாலை நிறுத்த வேண்டியதில்லை. இன்சுலினால் தாய்ப்பாலுக்கு எந்தக் கெடுதலும் கிடையாது.

ஆறு மாதம் கழித்துக் குழந்தை கஞ்சியும் பருப்புச் சாதமும் சாப்பிடத் தொடங்கி, பால் குடிப்பது மெல்லக் குறையும். அப்போது காலைச் சர்க்கரை 150, 160 என்று ஏறுவதைத் தாய் கவனிப்பார். ஊசியின் அளவு பழைய 36-ஐ நோக்கித் திரும்புகிற காலம் அது.