நாற்பது முறை சரியாக வந்தால் போதுமா?

n² + n + 41 என்ற கோவையில் n-க்கு 0 போட்டால் 41 வரும்; 1 போட்டால் 43; 2 போட்டால் 47. மூன்றுமே பகா எண்கள். 39 வரை போட்டுப் பாருங்கள், நாற்பது விடைகளும் பகா எண்களாகவே இருக்கும். 40 போட்டால் கதை மாறுகிறது: வருவது 1681, அதாவது 41 × 41. ஆய்லரின் பெயரோடு ஒட்டிக்கொண்ட இந்தக் கோவை எத்தனையோ பேரை ஏமாற்றக்கூடியது. எண்களுக்கு முடிவில்லை என்பதால், எத்தனை எண்களைச் சோதித்தாலும் அது நிரூபணம் ஆகாது.

எல்லா எண்களையும் ஒரேயடியாகப் பிடிக்கத்தான் கணிதத் தொகுத்தறிதல். அதில் இரண்டு வேலைகள் உண்டு. கூற்று தொடக்க எண்ணுக்கு உண்மை என்று காட்டுவது ஒன்று. ஏதோ ஓர் எண்ணுக்கு அது உண்மை என்று வைத்துக்கொண்டால் அடுத்த எண்ணுக்கும் உண்மையாகியே தீரும் என்று காட்டுவது மற்றொன்று. வரிசையாக நிறுத்திய சைக்கிள்களில் ஒன்று அடுத்ததைத் தள்ளும் என்பது இரண்டாவது. முதல் சைக்கிளை யாராவது தள்ளிவிட வேண்டும் என்பது முதலாவது. பள்ளியில் பலரும் முதல் வேலையை வெறும் சடங்காக நினைத்து ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அது சடங்கா என்று ஓர் உதாரணத்தில் பார்ப்போம்.

2ⁿ என்பது n²-ஐவிடப் பெரியது என்பது நம் கூற்று. முதலில் இரண்டாவது வேலை. ஓர் n-க்கு 2ⁿ > n² என்று வைத்துக்கொள்வோம். இருபுறமும் இரண்டால் பெருக்கினால் 2ⁿ⁺¹ > 2n² கிடைக்கும். நமக்கு வேண்டியது 2ⁿ⁺¹ > (n+1)². எனவே 2n² என்பது (n+1)²-க்குக் குறையாமல் இருந்தால் போதும். கணக்கைச் சுருக்கினால் இது (n−1)² ≥ 2 என்று ஆகிறது. n = 3 முதல் இது எப்போதும் சரி.

இப்போது தொடக்கத்தைத் தேடுவோம். n = 1: 2 > 1, சரி. ஆனால் 1-லிருந்து 2-க்குப் போகும் பாலம் இல்லை; n = 2-இல் 4-உம் 4-உம் சமமாகி, கூற்று பொய்க்கிறது. n = 3: பாலம் உறுதியாக இருக்கிறது, ஆனால் கடக்க ஆள் இல்லை, ஏனெனில் 8 என்பது 9-ஐவிடச் சிறியது. 'உண்மையானால்' என்ற நிபந்தனை அங்கே நிறைவேறவே இல்லை. n = 4-இலும் அதே நிலை: 16, 16. n = 5-க்கு வரும்போதுதான் 32 > 25 என்று தொடக்கமும் அமைகிறது, பாலமும் இருக்கிறது. அங்கிருந்து 6, 7, 8 என்று எல்லா எண்களும் தாமாகவே கைக்குள் வந்துவிடுகின்றன.

தொடங்கவேண்டிய எண் 5 என்பதைத் தொகுத்தறிதல் சொல்லித் தராது. சின்ன எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.